வேண்டாம்னு சொல்லாதீங்க

ஊருக்கு வந்துட்டுக் கிளம்புற பேரப்பிள்ளை கையில், சுருக்குப்பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்துத் திணிக்கும் அப்பத்தா. "எனக்கு எதுக்கு, நல்லா சம்பாதிக்கிறேன். மருந்துக்கு நீயே வச்சுக்க" என்று பட்டணத்துப் பிள்ளைகள் சொல்வதைப் பலதடவை கேட்டிருக்கிறேன். நீங்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறீர்கள். கிழவி காதில் அது "நீ இல்லாதவ" என்றுதான் விழும்.

அதுக்காக அப்படியே வாங்கிட்டுப் போங்க என்றும் சொல்லமாட்டேன். முதியோர் உதவித்தொகையே மாசம் 1,200 ரூபாய்தான். அதில் 500 போனால் மாசக் கடைசியில் கடையில் கடன் சொல்லணும்.

எங்க ஊர் விவரமான பிள்ளைகள் நோட்டை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொள்ளும். பிறகு, "பத்து ரூபா குடு அப்பத்தா, பர்ஸ்ல வச்சுக்கிறேன். இது உங்கிட்டயே இருக்கட்டும், பொங்கலுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று அது கையிலேயே வைக்கும். கூடவே கொல்லையிலிருந்து ஒரு பிடி முருங்கைக்கீரை கேட்கும். கொடுத்தோம் என்கிற நிறைவு கிழவிக்கு வந்துவிடும்.

மறுபடியும் திணித்தால் மல்லுக்கட்டாமல் வாங்கிக்கோங்க. அடுத்த தடவை மாத்திரை வாங்கி வாங்க, கணக்குச் சொல்லாதீங்க. தலையணைக்கடியில் ஒளிச்சு வச்சுட்டுப் போற வேலை மட்டும் வேண்டாம். ஏமாத்திட்டானேன்னு ராத்திரியெல்லாம் புலம்பும்.

வழியனுப்ப வாசலுக்கு வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்துட்டால், மனசு நொந்துபோச்சுன்னு அர்த்தம்.

ஒண்ணு, பொங்கலுக்கு வரேன்னு சொன்னால் வரணும்.