பெரிய பொட்டலம் மட்டும் காணாமல் போகிறது

"ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணிடுங்க சார், சரியாயிடும்." இந்த வாரம் பத்தியாளருக்கு எரிச்சல் மூட்டிய வாக்கியம் இதுதான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது. தேடுபொறி திறக்கிறது, வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. ஒரு புத்தகக் கடையின் தளம் மட்டும் வட்டம் சுற்றியபடியே நின்றுவிடுகிறது. உதவி எண்ணில் பேசியவர் சொன்னபடி செய்ததும் அந்தத் தளமும் திறந்தது. வீட்டுக்காரருக்கு நிம்மதி.

ஆஃப் செய்து பார்ப்பது நல்ல சோதனை. பழுது எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் காட்டிவிடும். ஆனால் அதையே வைத்தியமாக்கி, அப்படியே விட்டுவிடச் சொல்வதைத்தான் பத்தியாளரால் ஏற்க முடியவில்லை. கணினியின் அமைப்பில் கைவைக்காமலே இந்தச் சோதனையைச் செய்யலாம்:

```
curl -4 -v -I https://example.com
curl -6 -v -I https://example.com
```

example.com என்ற இடத்தில் சிக்கும் தளத்தின் பெயரை இட வேண்டும். பக்கத்து வீட்டில் முதல் கட்டளைக்கு உடனே பதில் வந்தது. இரண்டாவது, `Connected to` என்று காட்டியது. `Client hello` அனுப்பியதாகவும் காட்டியது. அதோடு சரி, அசையவில்லை.

அது நின்ற இடத்திலேயே விடை இருக்கிறது. இணைப்பு கிடைத்துவிட்டது, அதாவது வழி திறந்திருக்கிறது. கைகுலுக்கும் பொட்டலங்கள் நூறு பைட்டைக்கூடத் தொடாதவை. அவை போய் வந்துவிட்டன. அடுத்து சர்வர் தன் சான்றிதழை அனுப்புகிறது. அது 1500 பைட் நிறைந்த பொட்டலங்களில் வரும். இந்த வீட்டு ஃபைபர் பிபிபிஓஇ முறையில் ஓடுவதால் அதன் தலைப்புக்கே 8 பைட் போய்விட, மிச்சம் 1492 தான். 1500 அதில் நுழையாது.

பழைய ஐபிவி4-இல் வழியிலுள்ள ரூட்டர் பொட்டலத்தைத் துண்டாக்கி அனுப்பலாம். ஐபிவி6-இல் அந்த அனுமதி கிடையாது. ரூட்டர் பொட்டலத்தைக் கைவிட்டு, 'பெரிதாக இருக்கிறது, 1492-க்குள் அனுப்பு' என்று ஐசிஎம்பி செய்தி ஒன்றை சர்வருக்குத் திருப்பி அனுப்பும். அந்தச் செய்தியை சர்வர் வாசலில் இருக்கும் ஃபயர்வால் தடுத்துவிட்டால், சர்வருக்கு எதுவுமே தெரியாது. அதே 1500-ஐ மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

பிரவுசர்கள் இரண்டு வழியையும் முயன்று, முந்திக்கொள்வதை எடுத்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அவை பார்ப்பது இணைப்பு கிடைக்கிறதா என்பதை மட்டுமே. இங்கே இணைப்பு கிடைத்துவிடுகிறது, அதனால் ஐபிவி6 வென்றுவிடுகிறது, சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அடுத்து வரப்போவது தெரிந்திருக்கும்: ஐசிஎம்பி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு அடைக்கும் ஃபயர்வால்கள். 1996 வாக்கில், அளவுக்கு மீறிய பிங் பொட்டலம் ஒன்றை அனுப்பிக் கணினியையே விழவைக்க முடிந்தது. அதை அடுத்து, பொய் முகவரியில் பிங் அனுப்பி, ஒரு வலையமைப்பின் கணினிகள் எல்லாம் வேறொருவர்மேல் பதில்களைக் கொட்டும்படி செய்த ஸ்மர்ஃப் தாக்குதல் வந்தது. அன்றைய நிர்வாகிகள் பயந்து ஐசிஎம்பியை ஒட்டுமொத்தமாக மூடியதில் நியாயம் இருந்தது. அந்த ஓட்டைகள் அடைபட்டுப் பல காலம் ஆகிவிட்டது. விதி மட்டும் ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்கு நகலாகிக்கொண்டே வருகிறது, ஏன் என்று கேட்பாரில்லாமல். ஐபிவி4-இல் அதன் கேடு பெரும்பாலும் மறைந்திருந்தது. வீட்டு ரூட்டர்களே இணைப்பு தொடங்கும்போது 'சிறிதாக அனுப்பு' என்று பேச்சில் திருத்தம் செய்துவிடும். பல ரூட்டர்கள் அந்தத் திருத்தத்தை ஐபிவி6-க்குச் செய்வதில்லை. ஐபிவி6-இல் எந்த ஐசிஎம்பியை அடைக்கலாம், எதைக் கூடாது என்று 2007-இலேயே ஆர்எஃப்சி 4890 விரிவாகச் சொல்லிவிட்டது. தடுக்கவே கூடாதவற்றில் இந்தச் செய்தியும் ஒன்று.

சந்தேகத்தை உறுதிசெய்ய, ஐபிவி6-ஐ மறுபடி ஆன் செய்து, விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு இதைக் கொடுத்துப் பார்க்கலாம்:

```
netsh interface ipv6 set subinterface "Wi-Fi" mtu=1280 store=active
```

1280 பைட் என்பது எந்த ஐபிவி6 வழியும் சுமந்தே ஆகவேண்டிய அளவு. இதற்குப் பிறகு தளம் திறந்தால் குற்றவாளி பொட்டலத்தின் அளவுதான். அப்போதும் நின்றால் காரணம் வேறு. தளத்தின் ஐபிவி6 முகவரிப் பதிவே பிழையாக இருக்கலாம். கணினியை மறுபடி தொடங்கினால் இந்த மாற்றம் தானாகவே போய்விடும்.

பக்கத்து வீட்டில் தளம் திறந்தது. ரூட்டரில் வீட்டுக் கணினிகளுக்கு அறிவிக்கும் ஐபிவி6 எம்டியுவை 1492 என்று மாற்றியதும், ஐபிவி6 ஆனில் இருக்கும்போதே எல்லாத் தளங்களும் வந்தன. புத்தகக் கடையின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. அவர்கள் ஃபயர்வாலில் சேர்க்க வேண்டியது இந்த ஒரு வரிதான்:

```
icmpv6 type packet-too-big accept
```