தட்டிப் பார்த்து சுவரை உடைக்கிறவங்களுக்கு

கோயில் தொண்டர் குழுன்னா சமையல், பந்தல், குப்பை அள்ளுறது எல்லாத்துக்கும் கூப்பிடுவாங்க, நாங்களும் போவோம். போன மாசம் ஒரு அண்ணன் வீட்டுக்குச் சுத்தியலோட வரச் சொன்னாங்க. மகள் கல்யாணத்துக்கு முன்னால ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல உள்ள சுவரை எடுக்கணுமாம். நாங்கள் உடைக்காமல் திரும்பினோம். "பயந்தாங்கொள்ளிங்க"ன்னு பேச்சு வந்ததால்தான் இதை எழுதுகிறோம்.

கண்ட்ராக்டர் சொன்ன காரணம் என்ன? "நாலரை இஞ்ச் செங்கல், தட்டினாலே தெரியுது, வெறும் பார்டிஷன்." ஐயா, தட்டினால் சுவர் எதனால் கட்டியதுன்னு தெரியலாம். அதன் தலைமேல் என்ன உட்கார்ந்திருக்குன்னு எப்படித் தெரியும்? நாலரை இஞ்ச் சுவரும் பாரம் தாங்கும்.

தாமான் மாடி வீடுகளில் பெரும்பாலும் தூணும் பீமும்தான் பாரத்தைத் தாங்கும், செங்கல் சுவர் இடத்தை அடைக்கும். அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனா அந்த "பெரும்பாலும்" எந்த வீட்டுக்குப் பொருந்தும்னு பார்க்காமல் உடைக்கலாமா?

நாங்கள் முதலில் மாடிக்குப் போனோம். இந்தச் சுவருக்கு நேர் மேலேயே படுக்கையறைச் சுவர். 12 அடி நீளம், 10 அடி உயரம். பூச்சோட சேர்த்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ வச்சாலும், மேல் சுவர் மட்டுமே ரெண்டரை டன்னுக்கு மேல. அதுக்குக் கீழே பீம் இருந்தால் பிரச்சினை இல்லை, கீழ்ச்சுவரை எடுக்கலாம். கட்டமைப்பு பிளானில் பீம்னா கோடு போட்டு, பேரும் அளவும் எழுதியிருக்கும். அந்த இடத்தில் எதுவும் இல்லை. சுவரின் உச்சியில் கையளவு பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். செங்கல் மேலேயே ஸ்லாப் உட்கார்ந்திருந்தது. அதோட சுத்தியலைக் கீழே வச்சுட்டோம்.

"பக்கத்து வீட்டுல உடைச்சாங்க, விழலையே!" அன்னைக்கே விழணும்னு அவசியம் இல்லை. சுவர் போனதும் ஸ்லாப் தனக்குப் போட்ட கம்பிக்கு மீறின தூரத்தைத் தாங்கப் பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கும். மாடியில் கதவு இறுகும், கதவு மூலையிலிருந்து சாய்வா வெடிப்பு ஓடும். அதைப் புட்டி வச்சு மூடிப் பெயிண்ட் அடிக்கிறாங்களே, அதுதான் எங்களுக்குக் கோபம். எச்சரிக்கையையே மூடுறாங்க.

பிறகு அண்ணன் இன்ஜினியரைக் கூட்டி வந்தார். முதலில் சுவரின் ரெண்டு பக்கமும் ஜாக் கொடுத்து மேல்பாரத்தைத் தாங்கணும், இரும்பு பீமை ஏத்தி ரெண்டு முனைக்கும் சரியான தாங்கல் கொடுக்கணும், அப்புறம்தான் சுவரை எடுக்கணும்னு வரைந்து கொடுத்தார். அது இப்போ மஜ்லிஸ் அனுமதிக்குப் போயிருக்கு. கல்யாணம் சுவரோடதான் நடந்தது, விருந்துக்கு ஒரு குறையும் இல்லை.

இனி சுவர் உடைக்கக் கூப்பிடுறவங்க பிளானை எடுத்து வையுங்க. பிளான் இல்லைன்னா நாங்கள் சுத்தியல் எடுத்து வரமாட்டோம்.