நீண்டால் கூட்டு, குறுகினால் குறை: ஒரு தவறான பாடம்

பல் மருத்துவக் கல்லூரியில் ரேடியாலஜி போஸ்டிங்குக்கு வரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே சீனியர்களிடமிருந்து ஒரு வாய்பாட்டை வாங்கிக்கொள்கிறார்கள். "பல் நீண்டு தெரிந்தால் ஆங்கிளைக் கூட்டு, குறுகித் தெரிந்தால் ஆங்கிளைக் குறை." ரெக்கார்டு நோட்டில் இதைப் பெட்டி கட்டி எழுதுகிறார்கள். வைவாவில் எலாங்கேஷனுக்குக் காரணம் கேட்டால் "வெர்ட்டிகல் ஆங்குலேஷன் குறைவு" என்று மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். "எந்த முறையில்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். கையில் பிடித்திருப்பதோ பேரலலிங் முறைக்கான ரிங் ஹோல்டர். பல ஆண்டுகளாக இந்தப் பதிலைக் கேட்டுவருகிறேன். இதனால் ரீடேக் எடுக்கப்பட்ட நோயாளிகளையும் பார்த்துவருகிறேன். ஆகவே இதை எழுதியே தீரவேண்டும்.

அந்த வாய்பாடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1907இல் போலந்துக்காரரான சீஷின்ஸ்கி வகுத்த விதியின் மேல் பைசெக்டிங் முறை எழுந்தது. அதில் ஃபிலிம் பல்லை ஒட்டிச் சாய்ந்திருக்கும். பல்லின் அச்சுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள கோணத்தை மனத்தில் இரண்டாகப் பிரித்து, அந்த நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை விட வேண்டும். அங்கே ஃபிலிம் சாய்ந்திருப்பது என்பதே ஏற்பாடு. அதனால் படத்தின் நீளம் முழுக்க ஆங்கிளின் கையில் இருக்கிறது. ஆங்கிள் குறைந்தால் பல் நீளும், கூடினால் குறுகும். அந்த முறைக்கு வாய்பாடு சரி. அதைப் பேரலலிங் முறைக்கும் இழுத்துவந்ததுதான் தவறு.

பேரலலிங் முறையில் ஃபிலிம் பல்லின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. இந்த ஒன்றை முழுமையாக உணர்ந்தவர் ஆங்கிளைக் குற்றம் சொல்லமாட்டார். சுவருக்கு இணையாக ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நிழல் முழுவதும் சுவரில் விழும்படி பாருங்கள். சூரியன் தாழ இருந்தாலும் உயர இருந்தாலும் சுவரில் விழும் நிழலின் நீளம் கம்பின் நீளம்தான். நிழல் மேலே நகரும், கீழே இறங்கும்; நீளாது, குறுகாது. மாலையில் நிழல் நீளுவதைத் தரையில்தான் பார்க்கிறோம், ஏனென்றால் தரை கம்புக்கு இணையாக இல்லை. வாய்க்குள்ளும் இதே கணக்குதான். ஃபிலிம் பல்லுக்கு இணையாக இருக்குமானால், கோனைப் பத்து டிகிரி ஏற்றினாலும் இறக்கினாலும் பல்லின் நீளம் மாறாது. பல்லின் உருவம் ஃபிலிமில் இடம் மாறி விழும், அவ்வளவே. வேர்நுனி ஃபிலிமுக்கு வெளியே போகலாம், கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்க வேர்களும் அண்ணப்பக்க வேரும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக விலகலாம். எலாங்கேஷன் மட்டும் வராது.

ஆகவே ஹோல்டர் வைத்து எடுத்த படத்தில் பல் நீண்டோ குறுகியோ தெரிந்தால், அந்தப் படம் பேரலலிங் முறையில் எடுக்கப்படவே இல்லை என்று பொருள். ஃபிலிம் சாய்ந்துவிட்டது. நோய் அங்கே இருக்க, மருந்தை டியூப் ஹெட்டுக்குக் கொடுக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். மேல்தாடையின் நடு முன்பல், நீளம் 22 மில்லிமீட்டர். மாணவர் ஃபிலிமைப் பல்லின் பின்புறத்தை ஒட்டி வைக்கிறார். பல்லுக்கு அருகில் வைத்தால் படம் தெளிவாக வரும் என்பது அவர் நினைப்பு. முன்பல்லுக்குப் பின்னால் அண்ணம் சரிவாகத்தான் இருக்கும். ஃபிலிமின் மேல்விளிம்பு அந்தச் சரிவில் இடிக்கிறது. நோயாளி கடித்து மூட, ஃபிலிம் அண்ணத்தின் சரிவோடு சாய்ந்துவிடுகிறது. பல்லின் அச்சிலிருந்து 25 டிகிரி சாய்ந்ததாக வைத்துக்கொள்வோம். ரிங்கும் கம்பியும் ஃபிலிமோடு பிணைந்தவை. எனவே ரிங்கைப் பார்த்து கோனை வைத்தால் கதிர் ஃபிலிமுக்குச் செங்குத்தாக வரும், பல்லுக்கு அல்ல. அப்போது படத்தில் பல்லின் நீளம் 22ஐ 25 டிகிரியின் கொசைனால் பெருக்கியது, அதாவது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். பல் குறுகிவிட்டது. ரிங்கை ஒழுங்காகப் பின்பற்றும்போது ஃபிலிம் சாய்ந்தால் கிடைப்பது எப்போதும் குறுக்கம்தான், நீட்சி அல்ல. இதை அந்த வாய்பாடு யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

இப்போது மாணவருக்கு வாய்பாடு நினைவுக்கு வருகிறது. குறுகினால் குறை. ஃபிலிமை அப்படியே வைத்துக்கொண்டு கோனைத் தாழ்த்துகிறார். எவ்வளவு தாழ்த்துவது என்று வாய்பாட்டில் இல்லை. சரியாகப் பன்னிரண்டரை டிகிரி தாழ்த்தினால் 22 மில்லிமீட்டர் கிடைத்துவிடும், ஏனென்றால் அறியாமலேயே அவர் பைசெக்டிங் முறைக்குப் போய்விட்டார். கண்ணளவில் அந்த அளவு யாருக்கு வாய்க்கும்? 25 டிகிரி தாழ்ந்துவிட்டால் கதிர் பல்லுக்குச் செங்குத்தாகிறது, ஃபிலிமோ சாய்ந்தே கிடக்கிறது. இப்போது நீளம் 22ஐ அதே கொசைனால் வகுத்தது, 24 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். முதல் படத்தில் 20, இரண்டாவதில் 24. வாய்பாடு உடனே "நீண்டால் கூட்டு" என்கிறது. இந்த அளவை நம்பி ஆர்சிடிக்கு ஃபைல் நீளம் கணிப்பவர் வேர்நுனிக்கு இப்பாலோ அப்பாலோ இரண்டு மில்லிமீட்டர் தவறுகிறார். பக்கத்துப் பற்களின் வேர்களை எலும்பின் அளவோடு ஒப்பிடுபவரும் தவறான முடிவுக்கே வருவார்.

இதோடு முடியவில்லை. கோனின் வாய் ரிங்கை விட்டுத் திரும்பியதால் கோன் கட்டும் வந்துவிடுகிறது. ரிங்கிலிருந்து ஃபிலிம் 7 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், ரிங்கின் நடுவிலேயே கோனை வைத்து 25 டிகிரி திருப்பினாலும், கதிரின் மையம் ஃபிலிமின் மையத்திலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப்போகும். வட்டக் கோனின் வாய் 7 சென்டிமீட்டர் விட்டம் என்றால் ஆரம் மூன்றரைதான். ஃபிலிமின் பாதி உயரம் 2 சென்டிமீட்டர். மூன்றும் இரண்டும் ஐந்து, மூன்றரைக்குள் அடங்காது. கோன் தாழ்ந்ததால் கதிர் ஃபிலிமுக்கு மேலே போகிறது. பல்லின் முனைப்பக்கம், அதாவது கடிக்கும் விளிம்பு இருக்கும் பக்கம், வளைந்த ஓரத்தோடு வெள்ளையாக விடுபடுகிறது. செவ்வகக் கோனாக இருந்தால் அந்த ஓரம் நேர்க்கோடாக இருக்கும், விடுபடும் பகுதியும் பெரிதாக இருக்கும்.

"ரிங் போட்டால் கோன் கட் வராது" என்பது அதே சீனியர்களின் இன்னொரு உறுதிமொழி. கோனின் வாய் ரிங்கோடு பொருந்தியிருந்தால்தான் அது உண்மை. ஹோல்டரைத் தவறாகக் கோத்தாலும் கோன் கட் வரும். முன்பல்லுக்கு நீலம், பின்பல்லுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்த ஹோல்டர்களில் நீலக் கம்பியில் மஞ்சள் ரிங்கைச் செருகிவிட்டு வாய்க்குள் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயில் வைக்கும் முன் ரிங் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். ஃபிலிம் வட்டத்தின் நடுவில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கோத்தது தவறு.

"நோயாளி அசைந்துவிட்டார்" என்று சொல்வதும் வழக்கம். எக்ஸ்போஷரின்போது அசைந்தால் படம் மங்கும், வளைந்த ஓரம் வராது. அதற்கு முன்பே தலை திரும்பியிருந்தால், பொத்தானை அழுத்தும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டியவர் நாம்.

"பல்லைவிட்டு ஃபிலிமை விலக்கினால் உருவம் பெரிதாகிவிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், பெரிதாகும். அதற்காகத்தான் 1947இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் நீண்ட கோனோடு சேர்த்து இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கதிர்மூலம் ஃபிலிமிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்து, பல் ஃபிலிமிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகியிருந்தால் உருவம் ஏறத்தாழ 18 சதவீதம் பெருகும். 40 சென்டிமீட்டருக்குப் போனால் அது 8 சதவீதமாகச் சுருங்கும். இந்தப் பெருக்கத்தையும் எலாங்கேஷனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெருக்கத்தில் பல்லின் அகலமும் நீளமும் சேர்ந்தே வளரும். எலாங்கேஷனில் அகலம் அப்படியே இருக்க நீளம் மட்டும் இழுபடும். படத்தைப் பார்த்தவுடன் அகலத்தைக் கவனித்தால் எது என்று தெரிந்துவிடும்.

"அண்ணம் ஆழமில்லாத நோயாளிக்கு என்ன செய்வது" என்பதுதான் இவர்களிடம் உள்ள ஒரே நியாயமான கேள்வி. சாய்வு 15 டிகிரிக்குள் நின்றால் 22 மில்லிமீட்டர் பல்லில் முக்கால் மில்லிமீட்டர்தான் குறையும். நோய் கண்டறிய அது தடையாகாது. அதற்கு மேல் சாய்ந்தால் பைட் பிளாக்கின் மேலும் கீழும் பஞ்சுச்சுருள் ஒவ்வொன்று வைத்தால் ஃபிலிம் நிமிரும். வேர்நுனிக்கு அப்பால் தெரியும் எலும்பு சற்றுக் குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் முடியாத வாயில் பைசெக்டிங் முறையையே எடுங்கள், ஆனால் அதை அந்தப் பெயரிலேயே ரெக்கார்டில் எழுதுங்கள்.

நம் முன்பல்லுக்கு வருவோம். டியூபைத் தொடாமல் ஃபிலிமை வெளியே எடுத்திருக்க வேண்டும். பல்லை ஒட்டி வைக்காமல், அண்ணம் உயர்ந்திருக்கும் இடம் வரை, ஏறத்தாழ முன்கடைவாய்ப் பற்களின் அளவுக்குப் பின்னால் கொண்டுபோயிருக்க வேண்டும். அங்கே ஃபிலிம் நிமிர்ந்து நிற்க இடம் உண்டு. பல்லின் விளிம்பு பைட் பிளாக்கில் பதிய, கீழ்ப்பற்களுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு பஞ்சுச்சுருள் வைத்து, நோயாளியை மெதுவாகக் கடிக்கச் சொல்ல வேண்டும். பாதிக் கடியோடு நிறுத்திவிட்டால் ஹோல்டர் ஆடும், ஃபிலிம் மறுபடி சாயும். முழுதாகக் கடித்த பிறகு ரிங்கை முகத்தருகே நகர்த்தி, கடைசியாகக் கோனின் வாயை ரிங்கோடு பொருத்த வேண்டும். இப்படி எடுத்த படத்தில் வேர்நுனியைத் தாண்டி 3 மில்லிமீட்டர் எலும்பாவது தெரிய வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வாய்பாட்டை உங்கள் பிரிவின் சார்ட்டிலிருந்து நீக்க மனமில்லை என்றால், அதற்கு மேலே "பைசெக்டிங் முறைக்கு மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மாணவர்களே, ஹோல்டர் வைத்து எடுத்த படத்தில் பல் நீளம் மாறியிருந்தால், அடுத்த எக்ஸ்போஷருக்கு முன் வாயைத் திறக்கச் சொல்லி ஃபிலிம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.