நடுநிலைமைக்கு எத்தனை புள்ளி?

அண்மையில் வரலாற்று ஆசிரிய நண்பர் ஒருவர் இரண்டு கட்டுரைகளை என்னிடம் தந்தார். 1915 ஆம் ஆண்டின் கலவரத்தை அடக்கப் பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் நடந்துகொண்ட விதத்தை அறிய, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1916 இல் வெளியிட்ட நூல் எவ்வளவு தூரம் உதவும் என்பதே வினா. ஒப்பிடுவதற்குத் தேசாதிபதி சாமர்ஸ் இலண்டனுக்கு எழுதிய அறிக்கைகளும் கொடுக்கப்பட்டிருந்தன. சான்று, சூழமைவு, தீர்ப்பு, சமநிலை என நான்குக்கும் தலா ஐந்து புள்ளிகள்.

முதலாவது மாணவர் இராமநாதனுக்கு ஒரு பக்கம், சாமர்ஸுக்கு ஒரு பக்கம் எழுதி, 'இரண்டும் பக்கச்சார்பானவை. உண்மை நடுவிலே உள்ளது' என்று முடித்திருந்தார். பரீட்சகர் சமநிலைக்கு ஐந்து புள்ளிகள் வழங்கியிருந்தார். மற்றைய மாணவர், இவ்வினாவுக்கு இராமநாதனின் நூலே கூடுதலாக உதவும் என வாதிட்டார். அவருக்குச் சமநிலையில் கிடைத்தவை இரண்டு மாத்திரமே. இது அநீதி என்பேன்.

உண்மை நடுவிலே உள்ளது என்பது தீர்ப்பன்று, தீர்ப்பிலிருந்து தப்பியோடுதல். இராமநாதன் சிங்களவருக்காக வழக்குரைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பக்கச்சார்பு என்று பெயர் சூட்டிவிட்டால் சான்றை ஆராய்ந்ததாகிவிடாது. அச்சார்பு எந்தக் கூற்றைப் பாதித்தது, எதைப் பாதிக்கவில்லை என்று காட்டுபவருக்கே சான்றுக்கான புள்ளி உரியது.

இரண்டாமவர் அதைச் செய்திருந்தார். ஜூன் 2 இல் பிரகடனமான இராணுவச் சட்டம் ஆகஸ்ட் இறுதிவரை நீடித்ததை அவர் சுட்டினார். கலகம் சில நாட்களில் அடங்கிய பின்னரும் அது ஏன் நீடித்தது என்று வினவினார். உலகப் போர்க் காலத்தில் அரசாங்கம் இராஜத்துரோகச் சதியை அஞ்சியதை விளக்கினார். சாமர்ஸின் அறிக்கைகள் தம் செயலை மேலிடத்துக்கு நியாயப்படுத்த எழுதப்பட்டவை. ஆதலால் அவை அரசின் அச்சத்துக்குச் சிறந்த சான்று, அரசின் நடத்தைக்கு அத்துணை நல்ல சான்றல்ல என்றார். இதுவே சூழமைவு.

அத்துடன் அவர் நிற்கவில்லை. கடைகளையும் உறவுகளையும் இழந்த முஸ்லிம்களின் குரலை இவ்விரு ஆவணங்களிலும் தேடிப் பயனில்லை எனவும், அவர்களின் இழப்பை அறிய இராமநாதனை நம்பலாகாது எனவும் எழுதியிருந்தார். ஒரு வினாவுக்கு நல்ல சான்றாக நிற்கும் நூல், மற்றொரு வினாவுக்குத் தகாததாகலாம். முதலாமவரின் 'இருபக்கக்' கட்டுரையில் அந்த மூன்றாவது தரப்பினர் தோன்றவேயில்லை. அப்படியாயின் சமநிலை எங்கே இருந்தது?

தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்கவேண்டும் என்று எந்த வணிகனும் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை, நிறுத்துப் பார்க்கிறான். எனது கணக்கில் இரண்டாமவருக்குச் சமநிலையில் ஐந்து, முதலாமவருக்கு இரண்டு.

இராமநாதனை நம்மவர் என்று போற்றும் நமக்கு அம்மாணவரின் கடைசிப் பத்தி கசக்கலாம். கசப்புக்காகப் புள்ளியைக் குறைத்தால், பக்கச்சார்பு விடைத்தாளில் இல்லை. திருத்துபவரின் பேனாவில் இருக்கிறது.