எண்ணெய் எரியுதா? பக்கெட்டைத் தொடாதீங்க!

ஞாயித்துக்கிழமை. அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காயவெச்சுட்டு, செல்போனில் கடலை போடப் போயிட்டீங்க. திரும்பி வந்தா வாணலி திகுதிகுன்னு எரியுது. கை நேரா பக்கெட் தண்ணிக்குத்தானே போகும்? ஸ்டாப்!

நெருப்புன்னா எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம்னு மூணு கட்சிக் கூட்டணி. ஒண்ணு விலகினாலும் ஆட்சி காலி. பேப்பர் எரிஞ்சா, தண்ணீர் வெப்பத்தைப் பிடுங்கி அணைச்சுடும். ஆனால், எரியும் எண்ணெயின் சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, சட்டென ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரியும். அந்த வேகத்தில் எண்ணெய் துளித்துளியாகத் தெறிக்கும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஆக்சிஜன். அப்புறமென்ன, தீ கூரையைத் தொடும்!

கைக்கு எட்டினால் அடுப்பை அணையுங்க. வெப்ப சப்ளை கட். வாணலியைத் தூக்காமல், பக்கவாட்டில் இருந்து தட்டை நகர்த்தி மூடுங்க. ஆக்சிஜன் கட். 'அணைஞ்சிடுச்சா?'ன்னு உடனே திறந்து பார்த்தா, ஆறாத எண்ணெய் காற்று பட்டதும் தானாகவே மறுபடி பத்திக்கும்.

காலேஜ் காரிடாரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரின் பவுடருக்கு ரூட்டே வேற. தீக்குள் பிறக்கும் மூலக்கூறுத் துண்டுகள், பக்கத்தில் இருப்பதை உடைச்சு புதுத் துண்டுகளை உருவாக்கிட்டே இருக்கும். இதுதான் சங்கிலி வினை. பவுடர் அந்தத் துண்டுகளை மடக்கிப் பிடிச்சு சங்கிலியை அறுத்துடும். ஆனா, எண்ணெயின் சூட்டைப் பெருசா குறைக்காது. பவுடர் அடங்கியதும் தீ திரும்பி வரலாம். அதனால, வாணலித் தீக்கு முதல் ஹீரோ... தட்டுதான்!