கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் கட்டளை

வீடு கட்டிய கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் தகராறு. ஒப்பந்தத்திலேயே 'பிரச்னை வந்தால் ஆர்பிட்ரேஷன்' என்று ஒரு வரி இருந்ததால், விஷயம் நடுவரிடம் போகிறது. சில மாதங்கள் கழித்து, ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கத் தீர்ப்பு தபாலில் வருகிறது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த மகனோ மகளோ அப்பாவுக்குத் தமிழில் எழுதித் தர உட்காருகிறார்கள். இரண்டாம் பக்கத்திலேயே 6,40,000 ரூபாய் என்ற தொகை கண்ணில் படுகிறது. அதைக் கேட்டதும் அப்பாவுக்கு அன்றைய தூக்கம் போய்விடும். ஆனால், அவர் கட்ட வேண்டிய தொகை அதுவே அல்ல!

ஒரு நடுவர் தீர்ப்புக்குள் வெவ்வேறு குரல்கள் இருக்கின்றன. முதலில், இரு தரப்பும் சொன்னது. அடுத்து, நடுவர் உண்மை என்று கண்டது. அதோடு, ஏன் அப்படிக் கண்டார் என்ற காரணம். கடைசியாக, யார் யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்ற கட்டளை. இரு தரப்பும் 'காரணம் வேண்டாம்' என்று சம்மதித்தாலொழிய, தீர்ப்பில் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் 31-வது பிரிவு. அதனால்தான் பக்கங்கள் நீள்கின்றன. மொழிபெயர்ப்பில் இந்தக் குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், கேட்ட பணமே கட்ட வேண்டிய பணமாகிவிடும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கான்ட்ராக்டர் பாக்கித் தொகை 6,40,000 ரூபாய் கேட்கிறார். வீட்டுக்காரர், மொட்டை மாடியும் பாத்ரூமும் ஒழுகுவதால் ரிப்பேர் செலவு 2,50,000 ரூபாய் என்கிறார். நடுவர், பாக்கி 4,80,000 என்றும், ரிப்பேருக்கு 1,30,000 என்றும் முடிவு செய்கிறார். இன்ஜினீயரின் அறிக்கை மொட்டை மாடியைப் பற்றி மட்டுமே சொல்கிறது, பாத்ரூம் கசிவுக்கு ஆதாரம் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். கழித்தால் மீதி 3,50,000. கட்டளைப் பகுதியில் இருக்கும் தொகை இது மட்டும்தான்.

தமிழில் எழுதும்போது ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சொல்லை ஒதுக்கிவிடுங்கள். தரப்பினர் சொன்னதற்கு 'என்கிறார்'. நடுவர் கண்டதற்கு 'என்று முடிவு செய்கிறேன்'. காரணத்துக்கு 'ஏனென்றால்'. கட்டளைக்கு 'வேண்டும்'.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 'கசிவைப் பற்றி வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்' என்று காரணப் பகுதியில் எழுதினால், அதிலும் 'வேண்டும்' வந்துவிடுகிறது. படிப்பவர், இனிமேல்தான் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமோ என்று குழம்புவார். அது நடந்து முடிந்ததைப் பற்றிய நடுவரின் கருத்து, கட்டளை அல்ல. 'எழுத்தில் தெரிவிப்பதுதான் முறை. வீட்டுக்காரர் அதைச் செய்யவில்லை' என்று எழுதினால் பொருளும் மாறாது, குழப்பமும் வராது. 'வேண்டும்' என்ற சொல் கட்டளைப் பகுதியில் மட்டும் இருக்கட்டும்.

இப்போது கட்டளைப் பகுதிக்கு வருவோம். தீர்ப்பின் தேதி 2025 மார்ச் 15. வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்தது மார்ச் 22. 'தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் 3,50,000 ரூபாய் செலுத்த வேண்டும். தவறினால், தீர்ப்பின் தேதியிலிருந்து பணம் செலுத்தும் தேதி வரை ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி சேர்த்துச் செலுத்த வேண்டும்' என்பது கட்டளை.

இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. கெடு ஓடுவது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. ஆகவே கடைசி நாள் மே 21. 'தீர்ப்பிலிருந்து 60 நாள்' என்று சுருக்கினால் மே 14 ஆகிவிடும். வட்டி ஓடுவதோ தீர்ப்பின் தேதியிலிருந்து. இதை 'கெடு தாண்டினால் வட்டி' என்று மட்டும் எழுதினால், ஒரு நாள் தாமதத்துக்கு 115 ரூபாய்தானே என்று அப்பா அலட்சியமாக இருந்துவிடலாம். உண்மையில் மே 22 அன்று கட்டினால், மார்ச் 15 முதல் 68 நாட்களுக்கு வட்டி விழும். சுமார் 7,825 ரூபாய்!

வட்டியிலேயே இன்னொரு கவனமும் தேவை. நம் ஊரில் 'ரெண்டு வட்டி, மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு என்று அர்த்தம். வெறுமனே '12 வட்டி' என்று எழுதினால் மாதம் 42,000 ரூபாய் என்று ஆகிவிடும். தீர்ப்பு சொல்வது ஆண்டுக்கு 42,000. அதனால் 'ஆண்டுக்கு' என்பதையும், கூட்டு வட்டி இல்லை என்று காட்டும் 'தனிவட்டி' என்பதையும் விடவே கூடாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நடுவர் கண்ட தொகைகளைக் கூட்டிக் கழித்தால் கட்டளைத் தொகை வருகிறதா? 4,80,000-ல் 1,30,000 போனால் 3,50,000. சரி. ஒருவேளை மூலத்திலேயே கட்டளைத் தொகை 3,60,000 என்று இருந்தால்? மொழிபெயர்ப்பவர் அதைத் திருத்தக் கூடாது. இருப்பதை இருப்பபடியே எழுதி, 'மூலத்தில் இப்படித்தான் உள்ளது' என்று தனியாகக் குறிக்க வேண்டும். கணக்குப் பிழையைத் திருத்தித் தரும்படி நடுவரிடமே கேட்க 33-வது பிரிவு வழி தருகிறது. இரு தரப்பும் வேறு கெடுவுக்குச் சம்மதித்திருந்தாலொழிய, தீர்ப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். தீர்ப்பையே எதிர்த்து நீதிமன்றம் போவதற்கு 34-வது பிரிவில் மூன்று மாதம்; தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மேலும் 30 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது. ஆகவே, கைக்குக் கிடைத்த தேதியை மொழிபெயர்ப்பின் தலைப்பிலேயே குறித்து வையுங்கள். தபால் உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதே தகராறு சமரச மையத்தில் பேசி முடிந்திருந்தால், கையில் இருப்பது வேறு வகைக் காகிதம். அதில் யார் சொன்னது உண்மை என்ற முடிவே இருக்காது, காரணமும் இருக்காது. இருப்பது இரு தரப்பின் வாக்குறுதிகள் மட்டும். 'எந்தத் தவறையும் ஏற்காமல்' என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். இங்கே 'ஒப்புக்கொள்கிறார்' என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். தமிழில் அது சம்மதிப்பதையும் குறிக்கும், தவறை ஏற்பதையும் குறிக்கும். 'கான்ட்ராக்டர் கசிவுக்கு 1,30,000 குறைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதினால், கசிவு தன் தவறு என்று அவரே சொன்னதுபோல் ஆகிவிடும். பகையை மறந்து கையெழுத்துப் போட்டவர்கள் மறுபடி சண்டைக்கு நிற்க அந்த ஒரு சொல் போதும். 'சம்மதிக்கிறார்' என்று எழுதுங்கள்.

வீட்டில் எழுதும் தமிழ்ப் பிரதி புரிந்துகொள்வதற்கு மட்டுமே. செல்லுபடியாவது கையெழுத்திட்ட மூலம்தான். அதனால் மூலத்தின் பத்தி எண்களைத் தமிழிலும் அப்படியே போடுங்கள். நாளை வக்கீலிடம் போகும்போது, 'பதினாலாம் பத்தியில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று அப்பாவே விரல் வைத்துக் கேட்பார்.