வெட்டிய பாட்டில் தேடிய முரண்

சென்ற மாதம் ஓர் இதழில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பற்றிய கட்டுரை வந்தது. பாட்டு தன்னோடு தானே மோதுகிறது, சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியரே தவிரக் கவிஞர் அல்லர் என்பதற்கு அந்த மோதல்களே சான்று என்பது அதன் வாதம். மூன்று இடங்களைக் காட்டியிருக்கிறார்கள். தமிழ் முதலில் பொட்டின் வாசனை, அடுத்த அடியில் பெண். தாயாகப் போற்றப்படுகிறவளின் இளமையைக் கடைசியில் வியக்கிறார்கள். செயல் மறந்தோம் என்று சொல்லிக்கொண்டே வாழ்த்துகிற செயலைச் செய்கிறார்கள்.

இதற்குப் பதில் எழுத எங்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. அந்தப் பாட்டு சென்னையில் பிறந்ததல்ல. ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்து, 1897இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்த திருவிதாங்கூர்க்காரர் எழுதியது. 1891இல் அச்சேறிய ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் முகப்பில் நிற்கும் வணக்கம் அது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வாழும் பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களுக்கும், நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லை ஊர்களுக்கும் அது அண்டை வீட்டுச் சொத்து.

முதலில் பாடத்தைப் பார்க்க வேண்டும். 1970இல் தமிழ்நாடு அரசு ஏற்று, எம். எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் இசையமைத்து, 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்து, 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று விதித்த வடிவம் முழுப் பாட்டு அல்ல. முதல் ஆறு அடிகளுக்குப் பிறகு ஐந்து அடிகளைத் தாண்டிக் கடைசி அடிக்குப் போய்விடுகிறது. அண்டை மொழியினர் மனம் நோகக்கூடாது என்பதும் வடமொழியைப் பற்றிய கடுஞ்சொல் வேண்டாம் என்பதும் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள். அரசுப் பாடலுக்கு அவை நியாயமான காரணங்களாகவே இருக்கலாம். விமர்சகருக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘தாய்’ என்பதே பாட்டுக்குப் பின்னால் வந்த தலைப்பில் இருப்பது. பிள்ளை இட்ட தலைப்பு தமிழ்த் தெய்வ வணக்கம்.

தாய்மையும் இளமையும் மோதும் இடத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். விடுபட்ட அடிகளில் என்ன இருக்கிறது? எத்தனையோ உயிர்களையும் உலகங்களையும் படைத்து, காத்து, அழித்தாலும் பரம்பொருள் முன்பு இருந்தபடியே இருக்கிறது என்று ஓர் உவமை வருகிறது. அதை ஒட்டி, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழின் வயிற்றில் பிறந்து ஒன்று பலவானாலும் தமிழின் இளமை குலையவில்லை என்று வருகிறது. உவமையிலும் ‘இனும்’ உண்டு, பொருளிலும் ‘இனும்’ உண்டு. பல பிள்ளைகள் பெற்றவள் இளமையோடு இருக்க முடியாது என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எதிர்மறுப்பை அவரே முந்திக்கொண்டு எழுப்பி, இரண்டு முறை ‘ஆனாலும்’ போட்டு, சைவத்தின் அடிப்படையான ஒரு கருத்தைப் பாலமாக வைக்கிறார். கவிஞர் அறியாமல் நேர்ந்த முரணுக்கு இப்படிப் பாலம் இருக்காது. பாலத்தை எடுத்துவிட்டு இரு கரைகளையும் பார்த்தவர் ஆறு குறுக்கே கிடக்கிறது என்கிறார்.

பின்னால் வரும் தாழிசைகளில் ஒன்று தமிழை முதுமொழி, தொடக்கம் இல்லாதது என்றும் அழைக்கிறது. அங்கே முதுமையும் இளமையும் நேருக்கு நேர் நிற்கின்றன. அதற்கும் அதே உவமைதான் விடை. திருவெம்பாவை இறைவனைப் பழமைக்கும் அப்பால் வைத்து, அதே மூச்சில் புதுமையாகவும் காண்பதை அறிந்த ஒரு சைவர் எழுதியது இது.

வாசனையும் பெண்ணும் மோதுவதாகச் சொல்வது படிப்பில் நேர்ந்த அவசரம். உலகம் பெண், பாரதம் முகம், தக்காணம் நெற்றி, திராவிடம் திலகம் என்று உருவகம் இறங்கி வருகிறது. திலகத்தின் வாசனைக்கு வரும்போது ‘போல்’ என்று கவிஞர் உவமைக்கு மாறிவிடுகிறார். வாசனை பரவுவதுபோல எல்லாத் திசையிலும் புகழ் பரப்பியவள் என்பதே பொருள். தமிழே வாசனை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மூன்றாவது, செயல் மறந்து வாழ்த்துவது. இந்த இடத்தில் தண்டியலங்காரத்தை எடுத்துக்கொள்ள ஆசை வருகிறது. நன்னூல் பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறலை வைத்து நின்றுவிடுகிறது. அது நூலுக்குச் சொன்ன இலக்கணம். தண்டி செய்யுளுக்கு வருகிறார். முன் சொன்னதற்கு மாறாகச் சொல்வது வழு என்று விதித்துவிட்டு, காமமும் அச்சமும் அளவு மீறினால் அது தகும் என்று உடனே கதவைத் திறக்கிறார். யார் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்று கேட்காமல் அடிகளை மட்டும் அருகருகே வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இங்கே தெளிவாகியிருந்தது. தண்டியின் பட்டியலில் வியப்பு இல்லை. ஆனால் பேசுகிறவன் தன்வசம் இழந்திருக்கிறான் என்பதே அவர் விதியின் உயிர் என்றால், வியப்புக்கும் அதில் இடம் உண்டு. பிள்ளை அந்த அடியிலேயே வியந்து என்று எழுதி, நிலையைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார்.

பாட்டில் உண்மையாகவே ஒட்டாத ஓர் இடமும் இருக்கிறது. கட்டுரையாளர் அதைக் காணவில்லை. தொடக்கத்தில் தமிழின் நாடு உலகப் பெண்ணின் நெற்றியில் ஒரு சிறு திலகம். முதுமொழி என்று சொல்லும் அதே தாழிசையில், வடமொழி வருமுன் உலகம் முழுவதுமே தமிழுடையதாக இருந்தால் என்று ஒரு நிபந்தனை. திலகமா, உலகமா? இங்கே பாலம் எதுவும் போடப்படவில்லை. ஒவ்வொரு தாழிசையும் தனித்து நின்று ஒரு புகழை எட்டிப் பிடிப்பது. முன் சொன்னதை அது திரும்பிப் பார்ப்பதில்லை. இது திட்டமிட்ட முரண் அல்ல, வாழ்த்தின் வேகத்தில் வந்தது என்றே படுகிறது. அதை ஆழமான முரணியக்கம் என்று பூசி மெழுக மாட்டோம்.

எங்கள் நெசவாளருக்கு இந்த வேறுபாடு கையிலேயே உண்டு. முண்டின் நீளம் முழுவதும் ஓடும் கோடு கரையாகவும் இருக்கலாம், அச்சில் இழை தவறியதாகவும் இருக்கலாம். மறு ஓரத்தில் அதற்கு இணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாட்டிலும் பார்க்க வேண்டியது அந்த இணையைத்தான்: ஓர் ‘ஆனாலும்’, ஓர் உவமை, பேசுகிறவரின் நிலையைச் சொல்லும் ஒரு சொல். இரண்டு அடிகளில் ஒன்றை எடுத்துவிட்டுப் படித்தாலும் தெரிந்துவிடும். திலக உலகச் சிக்கலில் அந்தத் தாழிசையை எடுத்தால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பரம்பொருள் உவமையை எடுத்ததாலோ, ஒரு கட்டுரையாளர் கவிஞரையே தள்ளுபடி செய்யும் நிலை வந்திருக்கிறது.

கோபம் அந்தக் கட்டுரையோடு நிற்கவில்லை. ஒரு தரப்பு கவிதையைக் குற்றப்பத்திரிகைபோலப் படித்து, வாக்குமூலம் மாறுகிறதா என்று தேடுகிறது. எதிர்த்தரப்பு கட்டவிழ்ப்பின் பெயரால், மோதுகிற எல்லாவற்றையும் கவிஞரின் நோக்கம் என்றோ, நோக்கமே தேவையில்லை என்றோ கொண்டாடுகிறது. இருவருக்கும் முழுப் பாடம் வேண்டியதில்லை. பாடநூல் கிள்ளிக் கொடுத்த எட்டு வரி, அழைப்பிதழில் அச்சான இரண்டு வரி, மேடையில் ஒலிக்கும் 55 வினாடி போதும். சித்தர் பாடல்களும் இப்படித்தான் துண்டு துண்டாகப் புழங்குகின்றன. கடவுளை மறுக்கும் துண்டு ஒரு கையில், கடவுளைக் கண்ட துண்டு இன்னொரு கையில். பாடியவர் இரண்டையும் ஒரே பாட்டில் ஏன் வைத்தார் என்று கேட்பவர் இல்லை.

எல்லை ஊரிலிருந்து ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையாளம் தமிழின் வயிற்றில் பிறந்தது என்ற அடியை எங்கள் மலையாள நண்பர்கள் ஏற்பதில்லை. ஒரு மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள் என்ற கால்டுவெல்லின் பார்வையே மொழியியலுக்கு நெருக்கம். நாங்களும் அவர்களோடு உடன்படுகிறோம். ஆனால் அது பாட்டுக்கும் மொழி வரலாற்றுக்கும் உள்ள முரண், பாட்டுக்குள் இருக்கும் முரண் அல்ல. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கவிஞரைத் தோற்கடிக்கக்கூடாது.

அடுத்த இதழில் தமிழ்த் தெய்வ வணக்கத்தைத் தாழிசைகள் உட்பட முழுவதும் அச்சிடுகிறோம். அதைப் படித்த பிறகும் முரண் என்று படும் அடிகளை வாசகர்கள் எழுதட்டும். கட்டுரையாளருக்கும் அந்தப் பக்கங்களில் இடம் உண்டு.